அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது?

எங்கள் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பட்டா நகல், சான்றிதழ் விண்ணப்பம், ஆதார் பிரிண்ட் என்று காலை பத்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். சென்ற மாதம் ஒரு நாள் இருபது நிமிடம் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடை பிரிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் வரும், அடுத்த பக்கம் வராது. கம்ப்யூட்டர் திரையில் பிரிண்டர் "Offline" என்று காட்டும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும், மறுபடி போகும். கடைத் தம்பி கம்ப்யூட்டரை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டார். வைஃபை ரூட்டரையும் அணைத்துப் போட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் அண்ணே, சரியாகல" என்றார்.

"பிரிண்டரையுமா?"

"அதுதான் ஆன்லயே இருக்கே. கரண்ட் போனப்பகூட அது அணையல, யுபிஎஸ்ல ஓடுது."

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது. அந்தக் கடைக்குள் நடந்ததைப் புரிந்துகொண்டால், இணையம் மக்கர் செய்யும்போது வாடிக்கையாளர் சேவையில் முதலில் "அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும், ரூட்டரோடு சேர்த்துப் போனையும் கம்ப்யூட்டரையும் ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

சுவரில் மாட்டியிருக்கும் அந்த ரூட்டர் பெட்டி ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் பிராசஸர் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இயங்குதளமும் ஓடுகிறது. வீட்டில் வேறு எந்தக் கம்ப்யூட்டரையும் நாம் மாதக்கணக்கில் அணைக்காமல் வைப்பதில்லை. இதை மட்டும் வைக்கிறோம். அவ்வளவு காலமும் அது சும்மா இருப்பதில்லை, கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. அது வைத்திருக்கும் கணக்குகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதல் கணக்கு, வீட்டுக்குள் யார் யாருக்கு எந்த எண் என்பது. உங்கள் போன் வைஃபையில் சேர்ந்ததும் ரூட்டரிடம் ஒரு முகவரி கேட்கும். ரூட்டர் 192.168.1.2 என்பதுபோல ஓர் எண்ணைக் கொடுத்து, இந்த எண் இந்தப் போனுக்கு என்று தன் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். இது விற்பனை இல்லை, குத்தகை. பல ரூட்டர்களில் குத்தகைக் காலம் 24 மணி நேரம். வழக்கமாகப் பாதிக் காலம் கழிந்ததும் போன் தானாகவே ரூட்டரிடம் சென்று புதுப்பித்துக்கொள்ளும். அதுவரை அந்த எண் தன்னுடையதுதான் என்ற நம்பிக்கையில் இருக்கும், மறுபடி விசாரிக்காது.

கடையில் நடந்தது இதுதான். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்சில் வயரால் இணைக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் யுபிஎஸ் இருந்தது. ரூட்டர் மட்டும் வேறு மூலையில் சாதாரணப் பிளக்கில் இருந்தது. கரண்ட் போனபோது ரூட்டர் மட்டும் அணைந்தது. அந்த மாடல் ரூட்டர் குத்தகைப் பேரேட்டைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் பேரேடு காலி. திரும்ப வந்தபோது, தான் யாருக்கும் எந்த எண்ணும் கொடுக்கவில்லை என்றே அது நினைத்தது. பிரிண்டருக்கோ எதுவும் தெரியாது. அதன் வயர் போய்ச் சேரும் சுவிட்ச் ஒரு நொடிகூட அணையவில்லை. 192.168.1.2 என்னுடையது என்று அது பாட்டுக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கோப்பு அனுப்புவதற்காகக் கடை வைஃபையில் தன் போனைச் சேர்த்தார். ரூட்டர் காலிப் பேரேட்டைப் பார்த்து முதல் எண்ணான 192.168.1.2 ஐ அவருக்குக் கொடுத்துவிட்டது. ஓர் எண்ணைக் கொடுப்பதற்கு முன் அதை யாராவது வைத்திருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் ரூட்டர்களும் உண்டு. இது அப்படிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்த நேரத்தில் பிரிண்டர் உறக்கத்தில் இருந்து பதில் சொல்லவில்லை. எப்படியோ, ஒரே கதவு எண்ணில் இப்போது இரண்டு வீடுகள். கம்ப்யூட்டர் அனுப்பிய பக்கங்களில் சில பிரிண்டருக்குப் போயின, சில யாரோ ஒருவருடைய போனுக்குப் போய் அங்கே கேட்பாரில்லாமல் மறைந்தன. ரூட்டரை மறுபடி அணைத்துப் போட்டதால் நிலைமை மாறவில்லை. பேரேடு மறுபடி காலியானது, வைஃபையில் முதலில் சேர்ந்த போனுக்கு மறுபடி அதே எண் போனது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடிச் சோதனை இருக்கிறது. பிரிண்டரை முழுவதும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து அதன் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தோம்:

```
ping 192.168.1.2
```

அணைந்து கிடக்கும் பிரிண்டரிடமிருந்து பதில் வரக் கூடாது. வந்தது. அப்படியானால் அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

தீர்வு சுலபம். கம்ப்யூட்டர், பிரிண்டர், சுவிட்ச், ரூட்டர் எல்லாவற்றையும் அணைத்தோம். ரூட்டரை முதலில் போட்டு, அது முழுதாக எழுந்து நின்றதும், வாடிக்கையாளர் போன்கள் எதுவும் சேர்வதற்கு முன் பிரிண்டரைப் போட்டோம். முதல் எண் பிரிண்டருக்குப் போனது. அதன்பின் கம்ப்யூட்டர், அதன்பின் மற்றவர்கள். இங்கே வரிசை முக்கியம், ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் பிரிண்டரை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. ரூட்டரும் அதனோடு சேர்ந்த கருவிகளும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கின்றன. ஒரு பக்கத்துப் பிரதியை மட்டும் கிழித்துப் போட்டால் குழப்பம் கூடவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் கிழித்து, புதிதாக எழுதிக்கொள்ள வைப்பதுதான் முழு ரீஸ்டார்ட்.

இரண்டாவது கணக்கு இன்னும் பெரியது. வீடுகளில் இணையம் பாதி வேலை செய்து பாதி வேலை செய்யாமல் திணறும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

192.168 என்று தொடங்கும் எண்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும், பக்கத்து வீட்டிலும் இருக்கும். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதற்கும் பொதுவாக ஒரே முகவரிதான். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், உலகில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் தனித்தனியாகக் கொடுக்க அது போதாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒரு விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதங்கள் எல்லாம் விடுதியின் ஒரே முகவரிக்குத்தான் வரும். வாசலில் இருக்கும் காவலாளி ஒவ்வொரு கடிதம் வெளியே போகும்போதும் அதன்மேல் ஓர் அடையாள எண்ணைப் போட்டு, "இந்த எண்ணுக்குப் பதில் வந்தால் மூன்றாம் அறைக்கு" என்று நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து அறைக்கு அனுப்புவார். ரூட்டர் செய்வது இதையேதான். அந்த அடையாள எண்ணுக்குப் போர்ட் என்று பெயர்.

ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் நமக்கு அது ஒரு பக்கம். ரூட்டருக்கு அது எழுத்து ஓரிடத்திலிருந்து, படங்கள் வேறிடத்திலிருந்து, விளம்பரங்கள் இன்னும் பல இடங்களிலிருந்து என்று பல பத்து இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. டிவி, கேமரா, நான்கு போன்கள் சேர்ந்தால் நூற்றுக்கணக்கில் வரிகள். யாராவது டாரண்ட்டில் படம் இறக்கினால் அது ஒன்றே நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும்.

ஓர் இணைப்பு முடிந்ததும் இரு பக்கமும் விடைபெற்றுக்கொள்ள வேண்டும் என்பது முறை. அதைப் பார்த்து ரூட்டர் அந்த வரியை அடித்துவிடும். ஆனால் நாம் போனைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே வண்டியை எடுத்துக் கிளம்பிவிடுகிறோம். தெருமுனை தாண்டியதும் வைஃபை அறுந்து போன் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். விடைபெறல் எதுவும் நடக்கவில்லை. ரூட்டரின் நோட்டில் அந்த வரிகள் அப்படியே நிற்கின்றன. எவ்வளவு காலத்துக்கு? லினக்ஸ் இயங்குதளம் தன் இயல்பில், பேசிக்கொண்டிருக்கும்போதே மௌனமாகிவிட்ட இணைப்பு ஒன்றை 4,32,000 நொடிகள் காத்திருந்துதான் கைவிடும். அது முழுதாக ஐந்து நாள். ரூட்டர் தயாரிப்பாளர்கள் பலர் இதைக் குறைத்து வைக்கிறார்கள், எல்லோரும் குறைப்பதில்லை.

நோட்டில் இத்தனை வரிகள்தான் என்று ஓர் எல்லை உண்டு, ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் நினைவகம் சிறியது. நோட்டு நிரம்பியதும் புது இணைப்புக்கு இடமில்லை, ரூட்டர் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வரும் அறிகுறி விசித்திரமானது, தெரிந்துவைத்துக்கொள்ளத் தக்கது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு தடையில்லாமல் ஓடும், ஓடிக்கொண்டிருக்கும் படமும் தொடரும், ஆனால் புதிதாக ஒரு பக்கம் திறக்காது, அல்லது படங்கள் இல்லாமல் பாதியாகத் திறக்கும். பழைய வரிகள் நோட்டில் இருப்பதால் பழைய பேச்சு தொடர்கிறது, புது வரி எழுத இடமில்லாததால் புதுப் பேச்சு தொடங்கவில்லை. வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், ரூட்டர் விளக்குகள் எல்லாம் பச்சையாக இருக்கும். இந்த நிலையில் அணைத்துப் போட்டால் நோட்டு காலியாகி, இரண்டு மூன்று நிமிடத்தில் வீடு முழுவதும் சரியாகிவிடும்.

பேரேடும் நோட்டும் அழிகின்றன, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஏன் அழிவதில்லை என்று கேட்கலாம். ரூட்டருக்குள் இரண்டு வகை நினைவகம் இருக்கிறது. ஓடும்போது எழுதும் கணக்கெல்லாம் ரேமில் இருக்கும், மின்சாரம் நின்றால் அது மறைந்துவிடும். அமைப்புகள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும், அவை மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும். ரீஸ்டார்ட் முதல் வகையை மட்டும் துடைக்கிறது. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்குமே, Reset என்று எழுதியிருக்கும், அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இரண்டாவது வகையில் இருக்கும் உங்கள் அமைப்புகளும் அழிந்துவிடும். இணைய நிறுவனம் உள்ளே பதிந்து கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் போய், ஆள் வந்து மறுபடி போட்டுக் கொடுக்கும்வரை இணையமே இருக்காது. ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இந்தத் தவறைச் செய்து இரண்டு நாள் இணையம் இல்லாமல் இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முப்பது நொடி பொறுத்துப் போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அடாப்டரிலும் பெட்டிக்குள்ளும் இருக்கும் மின்தேக்கிகளில் சுவிட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அணைத்த கையோடு போட்டால் சில்லுகள் முழுதாக இறங்காமல் பழைய குழப்பத்தோடே எழக்கூடும். இதற்குப் பத்து நொடியே பெரும்பாலும் போதும், முப்பது என்பது நிச்சயத்துக்காக.

இன்னொரு காரணம் தெருவுக்கு அப்பால் இருக்கிறது. பல ஃபைபர் இணைப்புகளில் ரூட்டர் எழுந்ததும் நிறுவனத்தின் சர்வரில் பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழைகிறது. நாம் பிளக்கைப் பிடுங்கும்போது அது வெளியேறுகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துச் சர்வர் அவ்வப்போது "இருக்கிறாயா" என்று கேட்டு, சில தடவை பதில் வராமல் போன பிறகுதான் பழைய உள்நுழைவை மூடும். ஒரு கணக்குக்கு ஒரே உள்நுழைவு என்று வைத்திருக்கும் நிறுவனத்தில், அதற்குள் அவசரப்பட்டுப் போட்டால் "நீ ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறாய்" என்று மறுத்துவிடக்கூடும். நிறுவனத்தின் பக்கத்திலேயே அந்த உள்நுழைவு சிக்கிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் அணைத்து வைப்பது முப்பது நொடி அணைப்பதைவிடப் பலன் தரும்.

இனி நம் கையில் இருக்கும் கருவி. போனில் வைஃபையைக் கவனிக்கவே தனியாக ஒரு சில்லு உண்டு, அதற்குள் தனியாக ஒரு மென்பொருளும் ஓடுகிறது. அதுவும் தடுமாறி நிற்கும். ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தால் பல நேரம் இணைப்பு புதிதாகத் தொடங்கிவிடும். ஆனால் அந்தச் சில்லின் மென்பொருளே சிக்கியிருந்தால் போனை முழுதாக ரீஸ்டார்ட் செய்தால்தான் விடியும். வீட்டில் மற்றவர்களுக்கு இணையம் வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் ரூட்டரைத் தொடவே வேண்டாம், உங்கள் போனிலிருந்து தொடங்குங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் ரூட்டரில் தொடங்குங்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 8 முதல் Shut down கொடுத்தால் கம்ப்யூட்டர் உண்மையில் முழுதாக மறப்பதில்லை. சீக்கிரம் எழவேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் உள்மையத்தையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும், மறுநாள் அதையே எடுத்துத் தொடரும். Fast Startup என்பது அந்த வசதியின் பெயர், பல கம்ப்யூட்டர்களில் வாங்கும்போதே அது இயக்கத்தில் இருக்கும். தடுமாறிய வைஃபை டிரைவர் அந்தத் தடுமாற்றத்தோடே திரும்ப வரும். Restart கொடுத்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி இல்லை, எல்லாம் முதலிலிருந்து ஏறும். "தினமும் அணைக்கிறேனே, இன்னும் சரியாகவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்பதைத்தான்.

நீண்ட நேரம் ஓடுவதே பிழையாக மாறுவது மலிவான வீட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் உரிய நோய் இல்லை. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளில், தொடர்ந்து 248 நாள் மின்சாரம் நிற்காமல் ஓடினால் உள்ளே இருக்கும் ஓர் எண்ணி நிரம்பி வழிந்து மின்னாக்கிகள் நின்றுபோகக்கூடும் என்று தெரியவந்தது. 2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட உத்தரவின் சாரம், மென்பொருள் திருத்தப்படும்வரை குறித்த காலத்துக்கு ஒருமுறை விமானத்தின் மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போடுங்கள் என்பது. காரணத்தை அறிந்து, இடைவெளியைக் கணக்கிட்டுச் செய்த ரீஸ்டார்ட் அது.

வீட்டில் செய்யும்போது வரிசை இப்படி இருக்கட்டும். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, தெருவிலிருந்து வரும் வயர் நுழையும் பெட்டியை முதலில் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரூட்டர். ரூட்டரில் இணைய விளக்கு எரிந்த பிறகு போனும் கம்ப்யூட்டரும். ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதிடம் முகவரி கேட்டு எழுவதால்தான் இந்த வரிசை. மேலே இருப்பது எழுவதற்குள் கீழே இருப்பது கேட்டால் பதில் வராது. முகவரியே கிடைக்காத கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைத் திரையில் பார்த்தால் ரூட்டரோடு பேச்சே நடக்கவில்லை என்று பொருள்.

ரீஸ்டார்ட்டால் ஆகாதவையும் உண்டு. ஃபைபர் பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வயரில் ஒளியே வரவில்லை. எலி கடித்திருக்கும், லாரி இழுத்திருக்கும், வீட்டுக்குள் நாற்காலி நசுக்கியிருக்கும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த கண்ணாடி இழை ஒட்டாது, உடனே புகார் கொடுப்பதுதான் வழி.

இன்னொன்று, அணைத்துப் போட்டால் சரியாகி, சில மணி நேரத்தில் மறுபடி கெடுவது. இது கணக்கு நிரம்பியதாகவும் இருக்கலாம், சூடாகவும் இருக்கலாம். டிவிக்குப் பின்னால், அலமாரிக்குள், துணி மூடி வைத்த ரூட்டர் சித்திரை மாதத்தில் வெந்துபோகிறது. அணைத்த நேரத்தில் ஆறுவதால் சரியாவதுபோல் தெரியும். பழைய அடாப்டரும் இதையே செய்யும். அதன் மின்தேக்கிகள் காய்ந்துபோய், பெட்டி கடுமையாக உழைக்கும் நேரத்தில் வேண்டிய மின்சாரத்தைத் தர முடியாமல் போகும், ரூட்டர் தானாக அணைந்து எழும். பிரித்துப் பார்க்க ஒரு வழி, கெடும் நேரத்தைக் காலண்டரில் குறித்து வைப்பது. எப்போதும் பிற்பகலில் என்றால் சூடு. வீட்டில் எல்லோரும் கூடும் இரவில் மட்டும் என்றால் நோட்டு நிரம்புவதைச் சந்தேகிக்கலாம், அல்லது அடாப்டரை மாற்றிப் பார்க்கலாம். சில மாதத்துக்கு ஒருமுறை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. தினமும் என்றால் அது பழுது. ரூட்டரின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தினமும் அணைத்துப் போட்டுக் காலம் தள்ளாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையிலும் அன்றைய ரீஸ்டார்ட்டோடு நிறுத்தவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், 192.168.1.2 இந்தப் பிரிண்டருக்கு மட்டும் என்று ஒதுக்கி எழுதினோம். இந்த ஒதுக்கீடு ஃபிளாஷில் பதிவதால் கரண்ட் போனாலும் அழியாது. தம்பி ரூட்டரின் பிளக்கையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். கிளம்பும்போது, "அப்ப இனிமே கரண்ட் போனா பிரிண்டர தொடவே வேணாமா அண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுவாரம் போய் விசாரித்தேன். மூன்று தடவை கரண்ட் போய் வந்ததாம், பக்கம் எதுவும் தவறவில்லையாம்.